விளம்பர வாசகத்தை ஐந்து அந்நியர்களிடம் சோதிப்பது எப்படி?

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவர், கடைப் பலகைக்கும் புட்டி லேபிளுக்கும் சேர்த்து ஒரு வாசகம் வேண்டுமென்று வந்தார். கையோடு அவரே ஒன்று எழுதியும் வைத்திருந்தார்: "மரம் சொல்லும் தரம்". எனக்கும் பிடித்துவிட்டது. மூன்றே சொல். "மரம்", "தரம்" என்று எதுகையும் இயைபும் சேர்ந்தே விழுகின்றன. ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில், சொந்தத்தில், கடை ஆட்களிடம் என்று இருபது பேரிடம் காட்டியிருந்தார். எல்லோரும் அருமை என்றார்களாம்.

பெயிண்டரிடம் கொடுப்பதற்கு முன்னால், முகம் தெரியாத ஐந்து பேரிடம் காட்டிவிடலாம் என்று சொன்னேன். ஒரு காலை போதும், செலவு நூறு ரூபாய்க்குள் முடியும். அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதை, இந்தச் செக்கு எண்ணெய் வாசகத்தை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். விளம்பர வேலைக்குப் புதிதாக வந்தவர்களும், சொந்தக் கடைக்குத் தாங்களே வாசகம் எழுதிக்கொள்பவர்களும் அப்படியே செய்து பார்க்கலாம்.

ஏன் அந்நியர்கள், ஏன் ஐந்து பேர்

அவர் காட்டிய இருபது பேருக்கும் அவர் விற்பது எண்ணெய் என்று முன்பே தெரியும். வாசகத்தைப் படிக்கும்போதே, சொல்லாமல் விட்ட பாதியை அவர்கள் மனம் நிரப்பிவிடும். கடைப் பலகையை ரோட்டில் பார்க்கிறவருக்கு அந்தப் பாதி தெரியாது. அதனால் சோதனைக்கு வருகிறவருக்கு உங்களையும் தெரியக் கூடாது, உங்கள் பொருளும் தெரியக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். நண்பரின் நண்பர்கூட வேண்டாம்.

ஐந்து என்ற எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று பேரில் ஒருவரைத் தடுமாற வைக்கிற குறை வாசகத்தில் இருந்தால், ஐந்து பேரில் ஒருவர்கூட அதில் மாட்டாமல் போக நூற்றுக்கு 13 வாய்ப்புதான் உண்டு. அதாவது பெரிய குறை எதுவும் அநேகமாகத் தப்பிக்காது. கணினித் திரைகளைப் பயனாளர்களிடம் சோதிப்பதற்கு ஜேக்கப் நீல்சனும் டாம் லாண்டவரும் 1993-இல் போட்ட கணக்கும் இதே வகைதான். ஆனால் பத்தில் ஒருவரை மட்டும் குழப்புகிற சின்னக் குறை, ஐந்து பேர் சோதனையில் தப்பிவிடுவதற்கே வாய்ப்பு அதிகம்: நூற்றுக்கு 59. எனவே இது பெரிய ஓட்டைகளைக் கண்டுபிடிக்கிற சோதனை. "60 சதவீதம் பேருக்குப் புரிந்தது" என்று இதை வைத்து யாரிடமும் சொல்லாதீர்கள். ஐந்தில் மூன்றுக்கும் ஐந்தில் நாலுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்துக்கு அர்த்தமே கிடையாது. இரண்டு வாசகத்தில் எது நன்றாக விற்கும் என்பதையும் இது சொல்லாது.

கிளம்புவதற்கு முன்: உங்கள் பதிலை எழுதிவிடுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். படிக்கிறவர் இது என்ன பொருள் என்று சொல்ல வேண்டும்? அந்தப் பொருளைப் பற்றி என்ன நம்ப வேண்டும்? எந்தச் சொல் அவர் மனதில் தங்க வேண்டும்? செக்குக்காரர் எழுதியது இது: பொருள், எண்ணெய். நம்ப வேண்டியது, மரச்செக்கில் மெதுவாக ஆட்டுவதால் வாசம் கெடாது. தங்க வேண்டிய சொல், மரம்.

அதற்குக் கீழே தேர்ச்சி அளவையும் எழுதுங்கள். நாங்கள் வைத்துக்கொண்டது: ஐந்தில் நாலு பேராவது எண்ணெய் என்று சொல்ல வேண்டும், மூன்று பேருக்காவது முக்கியச் சொல் ஞாபகத்தில் இருக்க வேண்டும், வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடும் தவறான அர்த்தம் ஒருவர் வாயிலிருந்து வந்தால்கூட வாசகத்தைத் திருத்த வேண்டும்.

இதை முன்கூட்டியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதில்கள் வந்த பிறகு அளவுகோலைத் தேடினால், பிடித்த வாசகத்துக்குச் சாதகமாகவே மனம் வளையும். "ஏதோ மரச் சாமான்னு சொன்னார், கிட்டத்தட்ட சரிதானே" என்று தோன்றும். தாளில் எண்ணெய் என்று எழுதியிருந்தால் அப்படித் தோன்றாது.

மூன்று அட்டைகள்

தபால் அட்டை அளவில் மூன்று வெள்ளை அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதாமல் அச்சில் எடுங்கள். கையெழுத்தைப் படிக்கத் திணறியவரை, வாசகம் புரியாதவர் என்று தப்பாகக் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரே எழுத்துரு, ஒரே அளவு. கடைப் பெயர், படம், சின்னம் எதுவும் வேண்டாம். படம் இருந்தால் அதுவே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

மூன்றில் ஒன்றுதான் உங்கள் வாசகம். மற்ற இரண்டும் வேறு பொருளுக்காக நீங்களே சும்மா எழுதியவை. நாங்கள் குடைக்கு ஒன்று, பள்ளிப் பைக்கு ஒன்று எழுதினோம். ஊரறிந்த வாசகங்களை எடுத்தால் அவை முன்பே மனப்பாடம் ஆனவை, உங்கள் வாசகத்தை அமுக்கிவிடும். இந்த இரண்டு துணை அட்டைகளும் எதற்கென்றால், எது உங்களுடையது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கத்தான். நம் ஊரில் முகத்துக்கு நேராக நன்றாயில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. எதைப் புகழ்வதென்று தெரியாவிட்டால், புகழ்வதை விட்டுவிட்டு ஞாபகம் இருப்பதைச் சொல்வார்கள்.

உங்கள் அட்டையை எப்போதும் நடுவில் வையுங்கள். எந்தப் பட்டியலிலும் முதலில் வருவதும் கடைசியில் வருவதும் மனதில் சுலபமாகத் தங்கும். நடுவில் இருந்தும் தங்கினால் அது வாசகத்தின் பலம்.

வானொலியிலோ ஆட்டோ மைக்கிலோ வரப்போகிற வாசகமென்றால் அட்டை வேண்டாம். மூன்றையும் ஒரே குரலில் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். கண்ணுக்குப் புரிவது காதுக்குப் புரியாமல் போகும், அதைப் பின்னால் ஒரு இடத்தில் பார்க்கப் போகிறோம்.

இடமும் ஆளும்

உழவர் சந்தை வாசல் எங்களுக்கு வசதியாக இருந்தது. வீட்டுக்கு எண்ணெய் வாங்குவதை முடிவு செய்கிறவர்கள் அங்கேதான் வருகிறார்கள். காலை ஏழு மணிக் கூட்டத்தில் நிற்க வைத்தால் யாரும் நிற்க மாட்டார்கள். ஒன்பதரைக்கு மேல் போனால் விற்பவர்களும் ஓய்வாக இருப்பார்கள், வாங்கியவர்களும் பஸ்ஸுக்காக நிற்பார்கள்.

ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக் கூடாது. வயதில் வித்தியாசம் வேண்டும், எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பவர் ஒருவராவது வேண்டும். இரண்டு பேரைச் சந்தையில் கடை போட்டிருப்பவர்களாகப் பாருங்கள். அவர்கள் மறுநாளும் அதே இடத்தில் இருப்பார்கள், அதன் பயன் பிறகு தெரியும். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். கூட வந்தவர் பக்கத்தில் நின்றால் அவர்தான் பதில் சொல்வார்; ஒருவர் சொன்னது அடுத்தவர் காதில் விழுந்தால் அந்த இரண்டாவது ஆள் வீண்.

பெயர், போன் நம்பர் கேட்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். கேட்டால் பதில் சொல்கிற தொனியே மாறிவிடும். தாளில் "பூக்கார அம்மா, ஐம்பதுக்கு மேல்" என்று குறித்துக்கொண்டால் போதும்.

முதல் பேச்சு

ஐவரிடமும் ஒரே மாதிரி ஆரம்பிக்க வேண்டும், அதனால் எழுதி வைத்துக்கொண்டோம்:

"அக்கா, ரெண்டு நிமிசம் இருக்குங்களா? விளம்பரத்துக்கு எழுதின வரி சிலதைக் காட்டறேன். இன்னும் எதுவும் முடிவாகலைங்க. உங்களுக்குப் பரீட்சை இல்லைங்க, இந்த வரிக்குத்தான் பரீட்சை."

கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். படிப்புக் குறைவானவர்கள், தங்களைச் சோதிக்கிறார்களோ என்று கூச்சப்பட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிடுவார்கள். அந்த மௌனத்தை மறதி என்று நாம் எழுதிவிடுவோம்.

பிறகு ஒவ்வொரு அட்டையையும் ஐந்து வினாடி காட்டுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணினால் சரியாக இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு மட்டும், படித்து முடிக்கும் வரை விடுங்கள்.

நடுவில் பேசவேண்டிய பேச்சு

மூன்றாவது அட்டையை மடக்கியதும் "என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டால், காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதைத் திருப்பிச் சொல்வார்கள். அது ஞாபகமல்ல. லாயிட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் 1959-இல் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று எழுத்தைச் சொல்லிவிட்டு, உடனே ஒரு எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்து எண்ணச் சொன்னார்கள். 18 வினாடி எண்ணிய பிறகு பெரும்பாலும் அந்த மூன்று எழுத்தும் போய்விட்டன. மனதுக்குள் சொல்லிப் பார்க்க இடம் கொடுக்காவிட்டால் அவ்வளவு சீக்கிரம் அழிந்துவிடுகிறது.

சந்தை வாசலில் யாரையும் தலைகீழாக எண்ணச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாகப் பையைப் பார்த்து, "இன்னிக்குக் காய் எவ்வளவு ஆச்சுங்க? போன வாரத்துக்கு எவ்வளவு கூட?" என்று கேளுங்கள். தக்காளி இவ்வளவு, வெங்காயம் இவ்வளவு என்று அவர்களே கூட்டத் தொடங்குவார்கள். அந்தக் கணக்கு மனதை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் அப்படி ஓட விடுங்கள். சமையல், எண்ணெய் பக்கம் பேச்சு போனால் மட்டும் திருப்பிவிடுங்கள்.

மூன்று கேள்விகள், இதே வரிசையில்

முதல் கேள்வி: "முன்னாடி காட்டினதுல ஏதாவது ஞாபகம் இருக்குங்களா? எப்படி வருதோ அப்படியே சொல்லுங்க." அவர் சொல்வதை எழுத்து மாறாமல் எழுதுங்கள். "சுத்துற" என்றால் "சுத்துற" என்றே எழுதவேண்டும், "சுற்றும்" என்று திருத்தக் கூடாது. பதில் வரவில்லையென்றால் பத்து வினாடி பேசாமல் இருங்கள். பத்து வினாடி மௌனம் உங்களுக்கு மிக நீளமாகத் தெரியும், அவருக்குத் தெரியாது. அப்புறமும் வராவிட்டால் "ஒரு சொல்லாவது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டு விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் அட்டையை மறுபடி கையில் கொடுத்துவிட்டு இரண்டாவது கேள்வி: "இது என்ன விக்கற கடையா இருக்கும்?"

மூன்றாவது: "இதுல என்ன சொல்ல வர்றாங்கன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட நீங்க சொல்லணும்னா எப்படிச் சொல்லுவீங்க?"

"புரியுதுங்களா?" என்று கேட்காதீர்கள். "புரியுதுங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "பிடிச்சிருக்கா?" என்றும் வேண்டாம், பிடிப்பது வேறு சோதனை. சொந்த வார்த்தையில் இன்னொருவருக்குச் சொல்லச் சொன்னால்தான் என்ன புரிந்தது என்பது வெளியே வரும்.

எல்லாம் முடிந்த பிறகு பொருளைச் சொல்லுங்கள்: "இது செக்கு எண்ணெய்க்கு எழுதினதுங்க." அந்த நொடியில் முகத்தைப் பாருங்கள். "ஆமா, அதான் சொன்னேனே" என்றால் நல்லது. "ஓ… எண்ணெய்க்கா!" என்றால் அந்த "ஓ"வையும் தாளில் எழுதுங்கள்.

முதல் சுற்றில் நடந்தது

"மரம் சொல்லும் தரம்" ஐவரில் நாலு பேருக்கு ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருந்தது. ஐந்தாவது ஆள், வயதான விவசாயி, "மரத்தைப் பாத்தா தரம் தெரியும்" என்றார். ஞாபகத்தில் இதைவிட நல்ல முடிவை எதிர்பார்க்க முடியாது.

பொருள் என்னவென்று கேட்டபோது பூக்கார அம்மா அட்டையை வாங்கி, ஈர விரலில் ஒட்டியிருந்த நாரை உதறிவிட்டு, மறுபடி படித்தார். "கட்டிலு, கதவெல்லாம் செய்யற எடங்க" என்றார், சந்தேகமே இல்லாமல். பனியன் கம்பெனிப் பையன் பர்னிச்சர் கடை என்றான். ஸ்கூட்டரில் வந்த டீச்சர், மரக்கன்று விற்கும் நர்சரி என்றார். விவசாயிக்கு அது மரக்கடை. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் மட்டும் வெகுநேரம் யோசித்து "செக்கு எண்ணெய்ங்களா?" என்றார். அவர் வீட்டில் செக்கெண்ணெய்தான் வாங்குகிறார்களாம்.

ஞாபகம் ஐந்துக்கு நாலு, பொருள் ஐந்துக்கு ஒன்று. இந்தச் சேர்க்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மறந்துபோகும் வாசகம் வெறுமனே பயனில்லாதது. நன்றாக ஞாபகம் இருந்து தப்பாகப் புரிகிற வாசகம், பலகைக்குச் செலவு செய்த காசில் வேறு யாருக்கோ விளம்பரம் செய்கிறது.

காரணம் விளங்கியது. செக்குக்காரர் நாள் முழுக்க வாகை மரத்துச் செக்குக்கு முன்னால் நிற்கிறார். அவருக்கு "மரம்" என்றாலே செக்கு. ஊருக்கு மரம் என்றால் மரம்தான்.

பஸ்ஸில் எழுதியிருக்கும் "படியில் பயணம், நொடியில் மரணம்" என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "படி", "நொடி" எதுகை. "பயணம்", "மரணம்" இயைபு. ஓசை நம் வாசகத்தைவிடக் கெட்டி. ஆனால் அங்கே ஓசை விழுகிற நாலு சொல்லும்தான் செய்தியே. ஒலி நினைவில் நின்றால் பொருளும் கூடவே நின்றாக வேண்டும். "மரம் சொல்லும் தரம்" என்பதில் எதுகை விழுந்த சொற்களில் எண்ணெயைக் காட்டுவது ஒன்றுமில்லை. முதல் சுற்றில் இப்படி வந்தால், ஓசை எந்தச் சொல்மேல் விழுகிறது என்று பாருங்கள். அநேகமாகக் குறை அங்கேதான் இருக்கும்.

இரண்டாம் சுற்று, புது ஐந்து பேர்

திருத்திய வாசகத்தைப் பழைய ஆட்களிடம் காட்டக் கூடாது. பொருள் இப்போது அவர்களுக்குத் தெரியும். நாங்கள் அடுத்து எழுதியது: "செக்கில் ஆட்டியது, சூடு காட்டாதது". வெளியிலிருந்து சூடு கொடுக்காமல் பிழிந்த எண்ணெய் என்று சொல்ல நினைத்தோம்.

இம்முறை ஐவரும் எண்ணெய் என்றார்கள். முதல் பாதி எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டாம் பாதி சிதறியது: "சூடு பண்ணாதது" என்று இருவர், "சூடு இல்லாதது" என்று ஒருவர், அப்படியே சொன்னவர் ஒருவர், ஒருவருக்கு வரவேயில்லை.

சொல் மாறியதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஜாக்குலின் சாக்ஸ் 1967-இல் செய்த ஆய்வில், ஒரு பகுதியைக் கேட்டவர்களுக்குச் சிறிது நேரத்திலேயே வாக்கிய அமைப்பு மறந்துவிட்டது, ஆனால் அர்த்தத்தை மாற்றினால் உடனே கண்டுபிடித்தார்கள். மனம் சாரத்தை வைத்துக்கொண்டு சொல்லை விடுவது இயல்பு. வாசகத்தில் ஓசை வைப்பதே அந்த இயல்பை எதிர்த்துச் சொல்லையும் பிடித்து வைக்கத்தான். ஆகவே சொல் மாறிய இடத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். அர்த்தமும் சேர்ந்து மாறியதா? மாற்றிச் சொன்ன சொல் உங்கள் சொல்லைவிட இயல்பாக இருக்கிறதா?

இங்கே அர்த்தமும் மாறியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் எப்படிச் சொல்வீர்கள் என்றதும் ஒருவர் திருப்பிக் கேட்டார்: "இதைச் சூடு பண்ணக் கூடாதுங்களா? அப்பப் பலகாரம் சுட முடியாதா?" இன்னொருவரும் அதையே வேறு மாதிரி சொன்னார். மூன்றாவது ஒருவர், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்றார். தமிழில் சூடு என்றதும் அடுப்புச் சூட்டோடு உடம்புச் சூடும் நினைவுக்கு வரும் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். நாங்கள் நினைத்ததைச் சொன்னவர்கள் இரண்டே பேர்.

பலகாரம் சுட முடியாது என்று ஒருவர் நினைத்திருந்தால்கூட அந்த வரி போகத்தான் வேண்டும். சமையல் எண்ணெய் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பும் அர்த்தம் அது. தேர்ச்சி அளவில் முன்பே அப்படி எழுதியிருந்ததால் விவாதம் வரவில்லை.

மூன்றாம் சுற்று: ஒட்டிப் படித்தால் வேறு எண்ணெய்

சூட்டை விட்டுவிட்டு மெதுவைப் பிடித்தோம். "மெல்லச் சுற்றும் செக்கு, நல்ல எண்ணெய் நமக்கு". "மெல்ல", "நல்ல" எதுகை. "செக்கு", "நமக்கு" இயைபு. செக்கும் உள்ளே வந்துவிட்டது, எண்ணெயும் வந்துவிட்டது. இதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாபகம் நன்றாக இருந்தது. ஐவரும் எண்ணெய் என்றார்கள். ஆனால் எழுதிய தாளைப் பிறகு உட்கார்ந்து படித்தபோது மூன்று பேர் வரியில் ஒரே சொல் இருந்தது: "நல்லெண்ணெய் நமக்கு". "நல்ல எண்ணெய்" என்று இடைவெளி விட்டு அச்சடித்திருந்தோம். வாய் அதை ஒட்டிவிட்டது. நல்லெண்ணெய் என்றால் எள்ளெண்ணெய். அவர் கடையில் அதிகம் போவது கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும். அந்த மூவருக்கும் அது எள்ளெண்ணெய் மட்டும் விற்கிற கடை. சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொன்னது இதற்காகத்தான். நான் கை போன போக்கில் "நல்ல எண்ணெய்" என்று திருத்தி எழுதியிருந்தால் குறை எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

தமிழில் வாசகம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு சோதனையை அந்நியர்களிடம் போவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு சொல்லையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். சேர்ந்து வேறு சொல் ஆகிறதா? ஒற்று சேர்ந்தாலோ விட்டாலோ அர்த்தம் மாறுகிறதா? எழுத்தில் இருக்கும் இடைவெளியைக் காது மதிக்காது.

நாலாம் சுற்று, மறுநாள்

"மெல்லச் சுற்றும் செக்கு, எல்லா மணமும் நமக்கு" என்று மாற்றினோம். "நல்ல" போய் "எல்லா" வந்தது, எதுகை அப்படியே நின்றது. ஐவரும் எண்ணெய் என்றார்கள். எந்த எண்ணெய் என்று கேட்டதற்கு "செக்குல ஆட்டறது எல்லாம்" என்றார் ஒருவர். "மெதுவா ஆட்டறதால வாசம் போகாது" என்று நாலு பேர் ஏறக்குறைய ஒரே மாதிரி விளக்கினார்கள். ஐந்தாவது ஆளுக்குப் பழைய காலத்து மாட்டுச் செக்கு நினைவுக்கு வந்தது. அது தவறான அர்த்தமில்லை, விட்டுவிட்டோம்.

ஞாபகத்தில் ஒரே ஒரு சொல் மட்டும் மாறியது. ஐவரில் நாலு பேர் மணத்தை வாசம் என்றார்கள். இரண்டு சொல்லுக்கும் அசை அளவு ஏறக்குறைய ஒன்றுதான், எதுகை அந்த இடத்தில் விழவும் இல்லை. கேட்டவர்களே கொடுத்த சொல்லை எடுத்துக்கொண்டோம்: "மெல்லச் சுற்றும் செக்கு, எல்லா வாசமும் நமக்கு".

மறுநாள் சந்தைக்குப் போய், கடை போட்டிருந்த இரண்டு பேரிடம் மட்டும் கேட்டோம். அட்டையைக் காட்டவில்லை. கீரைக்காரருக்கு "மெல்லச் சுத்துது செக்கு" வரைக்கும் வந்தது. முருங்கைக்காய் விற்பவர் முழுதும் சொன்னார், "வாசம் பூரா நமக்கு" என்று. ஒரு தடவை ஐந்து வினாடி பார்த்ததற்கு இது போதும். இரண்டு பேரை வைத்து இதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது, மாதக்கணக்கில் நிற்குமா என்பதையும் இது காட்டாது.

நாலு சுற்று, இருபது பேர், நாலு காலை. முதலிலேயே இருபது அந்நியர்களிடம் "மரம் சொல்லும் தரம்" என்பதைக் காட்டியிருந்தால், பர்னிச்சர் கடை என்ற பதிலை இன்னும் பதினைந்து தடவை கேட்டிருப்போம். சூட்டையும் நல்லெண்ணெயையும் கண்டிருக்க மாட்டோம். ஆள் கணக்கைக் கூட்டத் தோன்றினால், ஒரே வாசகத்துக்குக் கூட்டாமல் சுற்றுகளாகப் பிரியுங்கள். ஒரு சுற்றில் புதிதாக எந்தக் குழப்பமும் வரவில்லையென்றால் நிறுத்திவிடலாம்.

பலகைக்குப் போனபோது ஒரு விஷயம் மிச்சமிருந்தது. அட்டையில் வாசகம் ஒரே வரி. பலகை அகலத்துக்கு அது இரண்டாக உடைய வேண்டும். பெயிண்டர் இடம் பார்த்து, "மெல்லச் சுற்றும்" என்று மேலேயும் மீதியைக் கீழேயும் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று படித்தால் முதல் வரியில் என்ன சுற்றுகிறது என்று தெரியவில்லை, "செக்கு, எல்லா வாசமும் நமக்கு" என்று கீழ் வரி தனியாக நிற்கிறது. கால்புள்ளி விழும் இடத்தில் வரியை உடைக்கச் சொல்லி, எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினோம். சாக்பீஸ் கோடு இருக்கும்போதே ரோட்டோரம் நின்ற ஒருவரை நிறுத்தி, ஐந்து வினாடி பார்க்கச் சொல்லி, திரும்பி நிற்க வைத்துக் கேட்டோம். "செக்கெண்ணெய்க் கடைங்க" என்றார். அதற்கப்புறம்தான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்கள்.